ஃப்ரெண்ட் பிட் அடிச்சத சொல்றதா வேண்டாமா: ஸ்கிரிப்ட்டோட கடைசி பக்கத்த கிழிச்சிடுங்க

கேள்வி: ஒன்பதாவது பசங்களுக்கு கிளாஸ் எடுக்கறேன். நெருங்கின ஃப்ரெண்ட் டெஸ்ட்ல பிட் அடிச்சத பார்த்துட்டா சொல்லணுமா வேண்டாமாங்கறத பசங்களே நடிச்சு பார்க்கற மாதிரி ஒரு ரோல் பிளே நானே எழுதி போன வாரம் போட்டேன். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. "கண்டிப்பா சொல்லணும் மிஸ்"னு எல்லாரும் ஒரே குரல்ல சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. வெளிய வராண்டாவுல போகும்போது அவங்களுக்குள்ள பேசிக்கிட்டது வேற. ஸ்கிரிப்ட்ட அனுப்பியிருக்கேன். எங்க தப்பு? – ஒரு ஆசிரியை

பதில்: உங்க ஸ்கிரிப்ட்ட ரெண்டு தடவை படிச்சேன் டீச்சர். வசனம் நல்லாவே வருது உங்களுக்கு, பிரச்சனை அங்க இல்ல. கடைசி பக்கத்துல இருக்கு. அந்த பையன் ஹெட்மாஸ்டர் ரூமுக்கு போறான், சொல்றான், அவர் தட்டிக்கொடுக்கறார், பிட் அடிச்சவன் அழுது திருந்துறான். பசங்க முதல் பக்கத்துலயே இத மோப்பம் பிடிச்சிடுவாங்க, மிஸ் எந்த பதில எதிர்பார்க்கறாங்கன்னு தெரிஞ்சப்புறம் அந்த பதில சொல்லிட்டு உக்கார்றது அவங்களுக்கு ஒரு வேலையே இல்ல. நீங்க கேட்டது ஒரு கேள்வி, அவங்க எழுதினது அதுக்கான விடைத்தாள், அவ்வளவுதான் நடந்திருக்கு. வராண்டாவுல பேசினாங்களே, அதுதான் உங்க ரோல் பிளே. அத கிளாசுக்குள்ள கொண்டு வர்றது எப்படின்னு மட்டும் பார்ப்போம்.

முதல்ல ஒண்ண தெளிவு பண்ணிக்கணும். பிட் அடிக்கறது தப்பாங்கறது இங்க கேள்வியே இல்ல, அது தப்புன்னு எல்லா பசங்களுக்கும் தெரியும், அடிக்கறவனுக்கும் தெரியும். கேள்வி பார்த்தவங்க என்ன பண்றதுங்கறது. உங்க ஸ்கிரிப்ட்ல முக்கால்வாசி பக்கம் முதல் கேள்விக்கு போயிடுச்சு, பிட் அடிச்சவன் எவ்வளவு மோசம்னு காட்டறதுக்கு. அவன் சோம்பேறி, திமிரா பேசறான், மாட்டினாலும் பரவால்லங்கறான். அப்படிப்பட்ட ஒருத்தன் யாருக்கும் நெருங்கின ஃப்ரெண்டா இருக்க மாட்டான், அதனால அவன சொல்லிக் கொடுக்கறதுக்கு யாரும் தயங்க வேண்டியதும் இல்ல.

நானும் இதே தப்ப பண்ணித்தான் கத்துக்கிட்டேன். பசங்களோட நாடகம் போட ஆரம்பிச்ச புதுசுல இதே விஷயத்துக்கு எழுதின முதல் ஸ்கிரிப்ட் உங்களோடது மாதிரிதான், வில்லன் மாதிரி ஒரு ஃப்ரெண்ட், மொத்த கிளாசும் "சொல்லணும்"னுச்சு. சரின்னு அடுத்த தடவை அவன நல்லவனாக்கினேன், அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, ராத்திரி முழுக்க தூங்கல, படிக்க முடியலன்னு எழுதினேன். இப்ப மொத்த கிளாசும் அந்தப் பக்கம் சாஞ்சிருச்சு, "பாவம் மிஸ், விட்டுடலாம்"னு. அங்கயும் டிஸ்கஷன் அஞ்சு நிமிஷம்தான். மூணாவது தடவைதான் புரிஞ்சுது, ரெண்டு தட்டுலயும் எடை வேணும், ஒரு தட்டுல மட்டும் பெரிய கல்ல தூக்கி வச்சா தராசு நிக்கிறத யாரும் பார்க்கவே முடியாது. பிட் அடிச்சவங்களுக்கு நம்ம எல்லாருக்கும் வர்ற மாதிரி ஒரு சாதாரண பலவீனம் போதும், பெரிய சோகம் வேண்டாம். பார்த்தவங்களுக்கு ஃப்ரெண்டுகிட்ட ஒரு நிஜமான கடன் இருக்கணும், "நாங்க க்ளோஸ்"னு வெறும் வாயால சொன்னா பத்தாது. அப்புறம் மூணாவதா ஒருத்தர் வேணும், இந்த பிட்டால நஷ்டப்பட்ட ஆளு. உங்க ஸ்கிரிப்ட்ல அவங்க இல்லவே இல்ல, பெரும்பாலான ஸ்கிரிப்ட்ல இருக்க மாட்டாங்க. அவங்க இல்லன்னா இது ரெண்டு ஃப்ரெண்டுக்கும் டீச்சருக்கும் நடுவுல இருக்கற சண்டையா சுருங்கிடும், பசங்க எப்பவும் டீச்சருக்கு எதிர்ப்பக்கம்தான் நிப்பாங்க, அது அவங்க வயசு.

இன்னொன்னு, சந்தேகத்துக்கு இடமே வைக்காதீங்க. "பார்த்த மாதிரி இருந்துச்சு"ன்னு எழுதினா பசங்க அந்த ஓட்டை வழியா தப்பிச்சிடுவாங்க, "மிஸ், நல்லா பார்க்கலல்ல, அப்புறம் எப்படி சொல்றது"ன்னு பேச்சு முழுக்க சாட்சியம் பத்தி போயிடும். பார்த்தாங்க, பார்த்தது உண்மை, பிட் அடிச்சவங்களும் ஒத்துக்கறாங்க, இதெல்லாம் முதல் ஒரு நிமிஷத்துலயே முடிஞ்சிடணும். நேரமும் கொடுக்கக்கூடாது. ரெண்டு வாரம் டைம் இருக்குன்னா "யோசிச்சு சொல்லலாம்"னு தள்ளிப்போடுவாங்க. நாளைக்கு காலையில ஏதோ ஒண்ணு முடிவாயிடும்னு இருக்கணும்.

நான் இப்ப பயன்படுத்தற சீன இங்க அப்படியே தர்றேன். மூணு பேருக்கும் மதி, கலை, அன்புன்னு பேர் வச்சிருக்கேன், பையனும் நடிக்கலாம் பொண்ணும் நடிக்கலாம். உங்க கிளாஸ்ல இந்த பேர்ல யாராவது இருந்தா கட்டாயம் மாத்திடுங்க. டா, டி எதுவும் நான் போடல, நடிக்கறவங்க அவங்க வாய்க்கு வர்ற மாதிரி போட்டுக்கட்டும்.

கதை இதுதான். கணக்கு டெஸ்ட், 50 மார்க். அதுல முதல்ல வர்ற ஒருத்தருக்கு ஒரு அறிவியல் முகாமுக்கு போக இடம் கிடைக்கும். கலை 46, அன்பு 44. மதி கலையோட ஃப்ரெண்ட், டெஸ்ட்ல பக்கத்து பெஞ்சு. கடைசி பெல் அடிச்சு கிளாஸ் காலியாயிடுச்சு. மதி பைய மாட்டிக்கிட்டு நிக்கறாங்க. கலை பெஞ்சுல உக்காந்து ஜியாமெட்ரி பாக்ஸ திறந்து திறந்து மூடிட்டு இருக்காங்க.

மதி: கிளம்பலியா?

கலை: நீ போ. எனக்கு கொஞ்ச நேரம் ஆகும்.

மதி: நாப்பத்தாறு வாங்கிட்டு ஏன் இப்படி உக்காந்திருக்க?

(கலை பதில் சொல்லல.)

மதி: கலை, நான் பார்த்தேன்.

கலை: எத?

மதி: நாலாவது கணக்கு போடும்போது. பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த பேப்பர.

கலை: (கொஞ்ச நேரம் கழிச்சு) வேற யாராச்சும் பார்த்தாங்களா?

மதி: நான் மட்டும்தான்.

கலை: அப்ப சரி.

மதி: என்ன அப்ப சரி?

கலை: நீன்னா பரவால்ல.

மதி: நீ படிச்சிருந்தியே. நேத்து ராத்திரி போன்ல எல்லா ஃபார்முலாவையும் என்கிட்ட ஒப்பிச்சியே.

கலை: ஒப்பிச்சேன். காலையில எழுந்ததுல இருந்து கை நடுங்குச்சு. சும்மா இருக்கட்டும்னுதான் எழுதி ஒட்டினேன், பார்க்கவே மாட்டேன்னு நெனச்சேன். நாலாவது கணக்குல ஒண்ணுமே வரல.

மதி: நாளைக்கு காலையில முகாம் லிஸ்ட் போடறாங்க.

கலை: தெரியும்.

மதி: ஒரே ஒரு இடம்தான்.

கலை: தெரியும்னு சொல்றேன்ல.

(அன்பு வேகமா உள்ள வர்றாங்க, பெஞ்சுக்கு அடியில மறந்து வச்ச தண்ணி பாட்டில எடுக்கறாங்க.)

அன்பு: இன்னும் போகலியா ரெண்டு பேரும்? கலை, கங்கிராட்ஸ்! நாப்பத்தாறாமே. எனக்கு ரெண்டு மார்க்ல போச்சு. சரி, அடுத்த வருஷம் பார்ப்போம்.

(அன்பு போயிடறாங்க. ரெண்டு பேரும் பேசல.)

மதி: கேட்டல்ல?

கலை: போன வருஷம் லேப்ல மைக்ராஸ்கோப்ப உடைச்சது யாரு?

மதி: அதையும் இதையும் ஒண்ணா பேசாத.

கலை: நான்தான்னு சொல்லி ஒரு வாரம் நான் வெளிய நின்னேன். ஒரு தடவையாவது அத உன்கிட்ட சொல்லிக் காட்டியிருக்கேனா?

மதி: இப்ப காட்டற.

கலை: (எழுந்து) நீ போட்டுக்கொடுக்க மாட்ட. எனக்கு தெரியும்.

(வெளியில இருந்து கணக்கு டீச்சர் குரல்: "யாரு இன்னும் கிளாஸ்ல? மதியா? போறதுக்கு முன்னாடி இங்க ஒரு நிமிஷம் வந்துட்டு போ.")

(கலை மதிய பார்க்கறாங்க. மதி கதவு வரைக்கும் போய் நிக்கறாங்க.)

இங்க ஸ்கிரிப்ட் முடியுது. இதுக்கு மேல ஒரு வரி கூட எழுதாதீங்க. டீச்சர் எதுக்கு கூப்பிட்டாங்கன்னு கூட எழுதாதீங்க, பசங்க கேட்டா "தெரியல"ன்னுதான் சொல்லணும், வீட்டுப்பாட நோட்டு கொடுக்கறதுக்கா இருக்கலாம், சந்தேகம் வந்தும் கூப்பிட்டிருக்கலாம்.

படிக்க நாலு நிமிஷம்தான் ஆகும், ஆனா "நீன்னா பரவால்ல"ங்கற ஒரு வரிய மட்டும் நீங்க ஒரு தடவை நடிக்க வச்சு பாருங்க, கிளாஸ் அப்படியே அமைதியாயிடும், ஏன்னா நட்புல இருக்கற நம்பிக்கையும் அந்த நம்பிக்கைய ஒருத்தர் எப்படி பயன்படுத்திக்கறாங்கங்கறதும் அந்த ரெண்டு வார்த்தையில ஒண்ணா இருக்கு. கலை அத கெட்ட எண்ணத்துல சொல்லல, நிஜமாவே நிம்மதியில சொல்றாங்க. நடிக்கற பையன் இத மிரட்டற மாதிரி சொன்னா நிறுத்தி, நிம்மதியா சொல்ல சொல்லுங்க, அந்த ஒரு திருத்தம் போதும், மத்தது தானா சரியாகிடும்.

வார்த்தை விஷயம் இன்னொன்னு இருக்கு. நம்ம பேச்சுல "போட்டுக்கொடுக்கறது"ன்னு ஒண்ணு இருக்கு, "காட்டிக்கொடுக்கறது"ன்னு ஒண்ணு இருக்கு, "சொல்லிடறது"ன்னு ஒண்ணு இருக்கு, "புகார் பண்றது"ன்னு ஒண்ணு இருக்கு. நடந்தது ஒரே விஷயம்தான், ஆனா முதல் ரெண்டு வார்த்தைய எடுத்தீங்கன்னா தீர்ப்பு அப்பவே எழுதியாச்சு, செஞ்சவன் துரோகி. அதனால கலை வாயில அது வரலாம், வரணும், ஆனா உங்க வாயில வரக்கூடாது. நீங்க கேள்வி கேட்கும்போது "மதி டீச்சர்கிட்ட சொன்னா"ன்னு மட்டும் சொல்லுங்க. டிஸ்கஷன் நடுவுல ஒரு குழந்தை "போட்டுக்கொடுக்கறது"ன்னு சொன்னா, அங்கயே நின்னு, "அன்பு இத எந்த வார்த்தையால சொல்லுவாங்க?"ன்னு கேட்டு பாருங்க. நான் கேட்கற கேள்விகள்ல ரொம்ப வேலை செய்யற கேள்வி இதுதான்.

இப்ப எப்படி நடத்தறதுன்னு சொல்றேன், ஸ்கிரிப்ட்ட விட இதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க.

நடிக்கறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் ஒரு சின்ன சீட்டு கொடுங்க, பேர் எழுத வேண்டாம். முழு சீனையும் நீங்களே ஒரு தடவை வாசிச்சு காட்டிட்டு ரெண்டு வரி எழுத சொல்லுங்க: மதி என்ன செய்யணும், மதி இடத்துல நான் இருந்தா நிஜமா என்ன செய்வேன். இந்த ரெண்டும் வேற வேற கேள்வி. உங்க கிளாஸ்ல அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சதுக்கு காரணம் நீங்க முதல் கேள்விய மட்டும் கேட்டீங்க, ரெண்டாவது கேள்விக்கான பதில் வராண்டாவுல வந்துச்சு. சீட்ட வாங்கி எண்ணி, போர்டுல நாலு எண்ண மட்டும் எழுதுங்க: சொல்லணும்ங்கறவங்க எத்தன, வேண்டாம்ங்கறவங்க எத்தன, நான் சொல்வேன்ங்கறவங்க எத்தன, சொல்ல மாட்டேன்ங்கறவங்க எத்தன. பெரும்பாலும் "சொல்லணும்"ங்கற எண்ணுக்கும் "சொல்வேன்"ங்கற எண்ணுக்கும் நடுவுல பெரிய பள்ளம் இருக்கும். அத பார்த்ததும் பசங்க சிரிப்பாங்க, அது நல்ல சிரிப்பு, எல்லாருக்கும் அந்த பள்ளம் இருக்குன்னு ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சிடுச்சு, இனிமே பொய் சொல்ல தேவையில்ல.

இந்த எண்ணே உங்க ஸ்கிரிப்ட்டுக்கும் பரீட்சை. "சொல்லணும்"ல கிட்டத்தட்ட மொத்த கிளாசும் விழுந்தா மதி கலைக்கு பட்ட கடன் போதல. மொத்த கிளாசும் "வேண்டாம்"ல விழுந்தா அன்புவோட நஷ்டம் அவங்களுக்கு தெரியல, அன்புக்கு இன்னும் ஒரு வரி கூட்டுங்க, இந்த முகாமுக்கு ரெண்டு வருஷமா முயற்சி பண்றேன்ங்கற மாதிரி. ஒரு தடவைக்கு ஒண்ண மட்டும் மாத்துங்க, இல்லன்னா எது வேலை செஞ்சுதுன்னு உங்களுக்கே தெரியாம போயிடும்.

யாரு நடிக்கறதுங்கறதுல கறாரா இருங்க. நிஜத்துல நெருங்கின ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர மதியாவும் கலையாவும் போடாதீங்க. முன்னாடி எப்பவாவது பிட் அடிச்சு மாட்டின குழந்தைய கலையா போடவே போடாதீங்க, மதியாவும் வேண்டாம். குலுக்கல்னு சொல்லிட்டு நீங்க சீட்ட பார்த்து எடுத்தாலும் தப்பில்ல. மனப்பாடம் வேண்டாம், பேப்பர பார்த்து படிச்சாலே போதும், ரெண்டாவது தடவை போடும்போது பாதிய அவங்களே சொந்தமா பேசிடுவாங்க.

ஒரு தடவை முழுசா நடிச்சு முடிச்சதும் மறுபடி முதல்ல இருந்து போட சொல்லுங்க, ஆனா இந்த தடவை பார்க்கறவங்க யாரு வேணும்னாலும் "நிறுத்து"ன்னு சொல்லலாம். சொன்னவங்க எழுந்து வந்து மதியோட இடத்துல நின்னு வேற மாதிரி முயற்சி பண்ணணும். பிரேசில் நாட்டுக்காரர் அகுஸ்தோ போவால் 1970கள்ல வளர்த்தெடுத்த ஃபோரம் தியேட்டர்ங்கற முறை இது. அதுல ஒரு விதி இங்க ரொம்ப முக்கியம். மதிய மட்டும்தான் மாத்தலாம், கலைய மாத்தக்கூடாது. விட்டீங்கன்னா யாராவது வந்து கலையா நின்னு "சரி மதி, நானே போய் சொல்லிடறேன்"னு சொல்லிடுவாங்க, பிரச்சனை அதோட ஆவியாயிடும். இந்த மாதிரி நிஜத்துல நடக்காத தீர்வ இந்த முறையில வேலை செய்யறவங்க மேஜிக்னு சொல்லுவாங்க. மேஜிக் வந்தா திட்டாதீங்க, கிளாசையே கேளுங்க, "இது நடக்குமா?"ன்னு. அவங்களே இல்லன்னு சொல்லிடுவாங்க.

கலையா நடிக்கறவங்களுக்கு தனியா ஒரு விஷயத்த காதுல சொல்லி வைங்க: "யாராவது உன்ன நிஜமா யோசிக்க வச்சா நீ கொஞ்சம் இறங்கலாம், ஆனா சுலபமா இறங்காத." இது தெரியலன்னா அவங்க ஒண்ணு முழுக்க பிடிவாதமா நிப்பாங்க, இல்ல முதல் ஆள்கிட்டயே சரண்டர் ஆயிடுவாங்க.

என் கிளாஸ்ல ஒரு தடவை நடந்தத சொல்றேன். முதல்ல ஒரு பையன் வந்து மதியா நின்னான், "நாளைக்குள்ள நீயே சொல்லிடு, இல்லன்னா நான் சொல்லிடுவேன்"னான். நல்ல யோசனைதான். கலையா நடிச்ச பொண்ணு ஒரு நொடி யோசிச்சுட்டு "அப்ப நீ என்ன மிரட்டற"ன்னா. பையனுக்கு பதில் வரல, போய் உக்காந்துட்டான். அடுத்து வந்த பொண்ணு இன்னும் நேரா, "சரி, நான் யார்கிட்டயும் சொல்லல, ஆனா முகாமுக்கு நீ போகாத, அன்புக்கு விட்டுக்கொடு"ன்னா. கிளாஸ் முழுக்க கைதட்டுச்சு, பிரச்சனை முடிஞ்ச மாதிரி. அப்ப நான் அன்புவா நடிச்ச பையன கூப்பிட்டு ஒரு நாற்காலியில உக்கார வச்சேன், அன்புவாவே பதில் சொல்லணும், கிளாஸ் கேள்வி கேட்கலாம்னேன். ஒருத்தன் கேட்டான், "உனக்கு இடம் கிடைச்சிருச்சே, இப்ப சந்தோஷமா?" அந்த பையன் கொஞ்ச நேரம் தரைய பார்த்துட்டு, "கலை எனக்கு விட்டுக்கொடுத்தாங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்கல்ல, நான்தான முதல்ல வந்தேன்"னான். யாரும் எழுதிக் கொடுத்த வரி இல்ல அது. கைதட்டின பொண்ணுங்களே திரும்பி ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. மூணாவதா வந்தவன் கலைகிட்ட பேசவே இல்ல, பக்கத்துல போய் உக்காந்து "நாலாவது கணக்குக்கு எத்தன மார்க்?"னு கேட்டான். "எட்டு"ன்னா அந்த பொண்ணு. "அந்த எட்ட மட்டும் கழிச்சுக்க சொல்லி கேட்போம், நான் கூட வர்றேன், லேப் விஷயத்தையும் நான் அங்கயே சொல்லிடறேன்"னான். கலையா நடிச்ச பொண்ணு உடனே ஒத்துக்கல, ஆனா பாக்ஸ மூடிட்டா. இது மேஜிக்கா இல்லையான்னு கிளாஸ் அந்த பீரியட் முடியற வரைக்கும் சண்டை போட்டுச்சு, நான் எந்தப் பக்கமும் சாயல.

நீங்க எந்தப் பக்கம்னு பசங்க கட்டாயம் கேட்பாங்க. கடைசி வரைக்கும் சொல்லாதீங்க. பிட் அடிச்சது தப்புங்கறதுல மட்டும் சந்தேகம் இல்லாம பேசுங்க, அது வேற. மதி என்ன செய்யணும்ங்கறதுல உங்க முகம் கூட காட்டிக் கொடுக்கக்கூடாது, ஒரு பதிலுக்கு தலையாட்டி இன்னொண்ணுக்கு சும்மா இருந்தாலே அவங்க கண்டுபிடிச்சிடுவாங்க.

பேசும்போது முடிவ விட காரணத்த தோண்டுங்க. லாரன்ஸ் கோல்பெர்க்னு ஒரு உளவியல் ஆய்வாளர், மனைவிய காப்பாத்த மருந்து திருடின ஹைன்ஸ்ங்கற ஆளோட கதைய சொல்லி அவன் செஞ்சது சரியான்னு கேட்டு ஆராய்ச்சி பண்ணினார். சரின்னு சொன்னாங்களா தப்புன்னு சொன்னாங்களான்னு அவர் பெருசா எடுத்துக்கல, ஏன்னு சொன்ன காரணத்தத்தான் பார்த்தார். உங்க கிளாஸ்லயும் அப்படித்தான். "சொல்லணும்"னு சொல்ற ரெண்டு பசங்கள்ல ஒருத்தன் "பின்னாடி தெரிஞ்சா நானும் மாட்டிப்பேன்"ங்கறான், இன்னொருத்தன் "அன்பு கேட்டா நான் என்ன சொல்றது"ங்கறான். ரெண்டும் ஒரே பதில் இல்ல. அதே மாதிரி கோல்பெர்க்கோட வேலை பார்த்த கேரல் கில்லிகன் 1982ல ஒரு விஷயத்த எடுத்து வச்சாங்க, விதி, உரிமை, நியாயம்ங்கற கண்ணாடியில மட்டும் பார்த்தா, உறவ காப்பாத்தணும் யாரையும் கைவிடக்கூடாதுன்னு யோசிக்கறவங்கள நாம கீழ இறக்கி எடை போடறோம்னு. அதனால "ஃப்ரெண்ட விட்டுக்கொடுக்க முடியாது மிஸ்"னு சொல்ற குழந்தை யோசிக்காம பேசுதுன்னு நெனச்சிடாதீங்க, அதுவும் ஒரு நேர்மையான காரணம்தான். அந்த குழந்தைகிட்ட "விட்டுக்கொடுக்காம இருக்கறதுன்னா என்னென்ன?"ன்னு அடுத்த கேள்விய கேளுங்க. மூடி மறைக்கறதா, கூட போய் நிக்கறதா, அங்கதான் பேச்சு நீளும்.

இன்னொரு பீரியட் கிடைச்சா ஒரே ஒரு மாற்றத்தோட மறுபடி போடுங்க. அமெரிக்காவுல வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில கேடட்டுகளுக்கு ஒரு விதி இருக்கு, பொய் சொல்லக்கூடாது, ஏமாத்தக்கூடாது, திருடக்கூடாது, அப்படி செய்யறவங்கள பொறுத்துக்கவும் கூடாதுன்னு. அந்த கடைசி துண்டு இருக்கே, அதுபடி பார்த்துட்டு சும்மா இருந்த ஃப்ரெண்டும் விதிய மீறினவங்கதான். "மதியோட ஸ்கூல்லயும் இந்த விதி இருக்கு"ன்னு மட்டும் சொல்லி சீட்ட திரும்ப எழுத சொல்லுங்க. எண்ணு மாறுதா பாருங்க. மாறினவங்கள கேளுங்க, அன்புவோட நஷ்டம் முன்னாடியும் இதேதான, இப்ப மட்டும் ஏன் மாறினீங்கன்னு. விதி இருந்தா சொல்றது சுலபம், ஏன்னா "என்னால முடியல, விதி அப்படி"ன்னு கலைகிட்ட சொல்லிக்கலாம், இத எட்டாவது ஒன்பதாவது பசங்களே கண்டுபிடிச்சு சொல்றத நான் கேட்டிருக்கேன்.

ஒரு ஆபத்து இருக்கு, அத முன்னாடியே அடைச்சிடணும். பேச்சு சூடு பிடிக்கும்போது யாராவது "மிஸ், போன டெஸ்ட்ல கூட இப்படித்தான்"னு நிஜ பேர் ஒண்ண எடுத்துடுவாங்க. அதுக்கப்புறம் அது ரோல் பிளே இல்ல, விசாரணை. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, "இங்க மதி, கலை, அன்பு மூணு பேர் மட்டும்தான் இருக்காங்க, வேற யார் பேரும் வரக்கூடாது, வந்தா நான் கேட்காத மாதிரி இருக்க முடியாது." ரகசியமா வச்சுக்கறேன்னு மட்டும் வாக்கு கொடுத்துடாதீங்க, உங்களால காப்பாத்த முடியாத வாக்கு அது. தனியா பேசணும்னா பீரியட் முடிஞ்சு வரலாம்னு ஒரு கதவ திறந்து வைங்க. வருவாங்க, ஒருத்தராவது வருவாங்க, அன்னைக்கு அடுத்த பீரியட் உங்களுக்கு ஃப்ரீயா இருக்கற மாதிரி பார்த்துக்கோங்க.

கடைசியா, வேஷத்த கலைக்காம யாரையும் வெளிய விடாதீங்க. இத நான் ஒரு தடவை மறந்தேன், பெல் அடிச்சிருச்சு, எல்லாரும் ஓடிட்டாங்க. கலையா நடிச்ச பையன மறுநாள்ல இருந்து கிளாஸ்ல "பிட்டு"ன்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க, விளையாட்டாத்தான், ஆனா அந்த பேர் அவ்வளவு சுலபமா போகல, அவன் அடுத்து வந்த எந்த நாடகத்துக்கும் கை தூக்கல. நான்தான் அதுக்கு காரணம். அதுல இருந்து கடைசி மூணு நிமிஷத்த இதுக்குன்னே ஒதுக்கிடறேன். நடிச்ச மூணு பேரும் முன்னாடி வந்து தன் சொந்த பேர சொல்லணும், தனக்கும் அந்த பாத்திரத்துக்கும் இருக்கற ஒரு வித்தியாசத்த சொல்லணும். "நான் கலை இல்ல, எனக்கு கணக்கே பிடிக்காது"ன்னு யாராவது சொல்லுவாங்க, சிரிக்கட்டும். அப்புறம் அந்த ஜியாமெட்ரி பாக்ஸ் மூடியில ஒட்டின பேப்பர் இருக்குல்ல, நிஜமாவே ஒண்ணு எழுதி ஒட்டியிருப்பீங்க, அத கலையா நடிச்சவங்க கையால எல்லார் முன்னாடியும் பிச்சு எடுத்து கிழிச்சு குப்பையில போட சொல்லுங்க. பெல் அடிக்கறதுக்கு முன்னாடி.